பூட்டிய வீட்டின் பூஜ்யம்

மகளுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதற்கு மூன்று வாரம் முன்புதான், டெங்குவைப் பொறுத்தவரை எங்கள் வீதி பயப்பட வேண்டாத வீதி என்று நானே கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுத எனக்குப் பல மாதம் ஆகியிருக்கிறது.

நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன். வீடு சிங்காநல்லூர் குளத்தைத் தாண்டி, பதினைந்து வருடத்துக்கு முன்பு தோட்டமாக இருந்து மனையாகப் பிரித்த இடத்தில். மனைவி ஒரு மில் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மகள் ஒன்பதாம் வகுப்பு. எட்டரைக்கு மூன்று பேரும் கிளம்பினால் வீட்டைத் திறக்க ஐந்தரை ஆகும். எங்கள் வீதியில் பெரும்பாலும் எல்லா வீடும் இப்படித்தான்.

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் பகுதியின் சுகாதார அலுவலர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட இளையவர், முன்பு ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கம். கொசுப்புழு பார்க்கும் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், எத்தனை பாத்திரத்தில், தொட்டியில், டிரம்மில் புழு இருக்கிறது என்று எண்ணிச் செல்போனில் பதிகிறார்கள். ஒரு வீட்டுக்கு ஓர் எண். இரண்டு மாதத்துப் பதிவு அவரிடம் இருந்தது.

"ஆள் பத்தாதுங்க சார். எந்த வீதிக்கு வாராவாரம் அனுப்பறது, எந்த வீதிய மாசம் ஒருக்கா பாத்தாப் போதும்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. வகுப்பில் கரும்பலகையில் போடும் கணக்கு வெளியே யாருக்காவது பயன்படுவது அபூர்வம்.

இப்படிப்பட்ட எண்ணிக்கைகளுக்கு முதலில் எல்லோரும் எடுப்பது பாய்சான் என்ற கணக்கு மாதிரி, அதாவது மாடல். சராசரியைச் சொன்னால், எத்தனை வீட்டில் பூஜ்யம் வரும், எத்தனை வீட்டில் ஒன்று வரும், எத்தனை வீட்டில் இரண்டு என்று அது சொல்லிவிடும். வீட்டுக்கு ஒரு பாத்திரம் என்று சராசரி இருந்தால், நூறு வீட்டில் முப்பத்தேழு வீட்டில் பூஜ்யம் வர வேண்டும். இந்தப் பதிவில் அது ஒத்துவரவே இல்லை. பாய்சான் எதிர்பார்த்ததைவிடப் பூஜ்யங்கள் மிக மிக அதிகம். அதே சமயம் புழு இருந்த வீடுகளில் இரண்டு, மூன்று, நான்கு என்று தாராளமாக இருந்தது.

மாணவர்களுக்கு இதை நான் பேக்கரியை வைத்துச் சொல்வேன். போன வாரம் எத்தனை தடவை பேக்கரிக்குப் போனாய் என்று வகுப்பில் கேட்டால் பூஜ்யம் சொல்கிறவர்கள் இரண்டு வகை. ஒருவன் வெளியே டீயே குடிக்காதவன். அவனை எந்த வாரம் கேட்டாலும் பூஜ்யம்தான். இன்னொருவன் வழக்கமாகப் போகிறவன், போன வாரம் தற்செயலாகப் போகவில்லை. தாளில் இரண்டும் ஒரே பூஜ்யம். பூஜ்யம் அளவுக்கு மீறி இருக்கும்போது இந்த இரண்டு கூட்டமும் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஜீரோ இன்ஃப்ளேட்டட், பூஜ்யம் பெருத்த மாதிரி, என்போம். அதில் இரண்டு பகுதி. ஒரு பகுதி, ஒரு வீடு எப்போதும் பூஜ்யமாகவே இருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். இன்னொரு பகுதி, அந்தக் கூட்டத்தில் சேராத வீடுகளில் சராசரியாக எத்தனை பாத்திரத்தில் புழு என்று சொல்லும்.

அதைப் பொருத்திப் பார்த்தேன். அழகாகப் பொருந்தியது. எதிர்பார்த்த பூஜ்யமும் பதிவில் இருந்த பூஜ்யமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. வீதி வீதியாகப் பிரித்துப் பார்த்தால், அந்தக் கூடுதல் பூஜ்யங்கள் வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய லைன் வீடுகளில் மிகக் குறைவு. எங்களைப் போன்ற புது மனை வீதிகளில்தான் குவிந்திருந்தன.

காரணமும் உடனே கிடைத்துவிட்டது. லைன் வீடுகளுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும். குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைப்பார்கள். எங்கள் வீதிகளில் நிலத்தடித் தொட்டி, மோட்டார், மாடியில் மூடி போட்ட டேங்க். பிடித்து வைக்கும் பழக்கமே இல்லாத வீடுகள், அதனால் எப்போதும் பூஜ்யம். அப்படியே எழுதினேன். இந்த வீதிகளுக்கு மாதம் ஒருமுறை போதும் என்று பரிந்துரைத்தேன்.

முடிவில் ஓர் எண் எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் வீதிகளில் புழு இருந்த ஓரிரு வீடுகளில் அது பழைய லைனைவிட அதிகமாகவே இருந்தது. சராசரியைச் சொல்லும் இரண்டாவது பகுதி எங்களுக்குக் குறைவாக இல்லை. ஆனால் அத்தகைய வீடுகள் விரல் விட்டு எண்ணும்படி இருந்ததால் அந்த எண்ணை நம்ப முடியாது என்று ஒதுக்கிவிட்டேன். நம்ப முடியாது என்பது கணக்குப்படி சரிதான்.

இன்னொன்றும் செய்தேன். பூஜ்யம் காட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும், அது எந்த வகைப் பூஜ்யமாக இருக்கும் என்று ஒரு நிகழ்தகவு போடலாம். உறுதி கிடையாது, வாய்ப்பு மட்டும். விளையாட்டாக என் வீட்டுக் கதவு எண்ணைத் தேடினேன். பதிவு பூஜ்யம். எப்போதும் பூஜ்யமான வீடு என்பதற்குப் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் வாய்ப்பு. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நம்ம ஊட்டுக்கு நீங்களே சர்டிபிகேட் குடுத்துக்கறீங்களாக்கும்" என்று சிரித்தாள்.

அந்தப் பூஜ்யத்தைப் போட்டவர் எங்கள் வீட்டுக்குள் எப்போது வந்தார் என்று நான் கேட்கவில்லை. பகல் பதினொரு மணிக்கு வீட்டில் யாருமே இருக்க மாட்டோம் என்பது எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை நூற்றியிரண்டு. சனிக்கிழமை கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். எதிர் வீட்டிலிருந்து நிலவேம்புக் கசாயமும், பப்பாளி இலைச் சாறும் வந்தன. "வைரலா இருக்கும், இந்தப் பக்கமெல்லாம் டெங்கு இல்லீங்க" என்று நான்தான் சொன்னேன். அதையும் எண்களின் பலத்தில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பலத்திலேயே கழித்தேன். திங்கட்கிழமை காலை ரத்தம் எடுத்தார்கள். டெங்கு பாசிட்டிவ். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே. திருச்சி ரோட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கியது. நெற்றி குளிர்ந்திருந்தது. மனைவி முருகனுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மருத்துவர் அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுகிறவர்.

"காச்சல் உட்டுருச்சுங்க டாக்டர்" என்றாள் மனைவி.

"இனிமேத்தானுங்க பாக்கணும்" என்றார் அவர். "டெங்குல காச்சல் இறங்கற இந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் ஜாக்கிரதையா இருக்க வேண்டியது. ரத்தக்குழாயில இருந்து நீர் கசியும். ரத்தம் கெட்டியாகும். பிளேட்லெட்ட மட்டும் பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க. ரத்தம் எவ்வளவு கெட்டின்னு பி.சி.வி.னு ஒண்ணு காட்டும், அது ஏறுதான்னு நாங்க பாத்துட்டே இருப்போம். வயித்துவலி, வாந்தி, ஒண்ணுக்குக் கொறையறது, இதுல எது வந்தாலும் உடனே கூப்பிடுங்க."

மனைவி துணியை மறுபடி முடிந்தாள். இரண்டு தடவை அவிழ்ந்தது.

பத்தரை மணிக்கு என் செல்போன் அடித்தது. தெரியாத எண். பெண் குரல்.

"ஏனுங்க சார், உங்க ஊட்டுல டெங்கு கேஸ்னு லிஸ்ட்ல வந்திருக்குதுங்க. பாப்பாவுக்குங்களா? இப்ப எப்படி இருக்குதுங்க?"

கொசுப்புழு பார்க்கும் பணியாளர். யாருக்காவது டெங்கு உறுதியானால், அந்த வீட்டையும் சுற்றி இருக்கும் வீடுகளையும் உடனே போய்ப் பார்ப்பார்கள். நிலைமையைச் சொன்னேன்.

"கடவுள் காப்பாத்துவாருங்க. நாங்க உங்க ஊட்டு முன்னாலதான் நிக்கிறோமுங்க. பூட்டியிருக்குது. யாராச்சும் வந்து சாவி குடுத்தாப் பாத்து மருந்து ஊத்திப்போட்டுப் போயிருவோமுங்க."

"போன மாசம் வந்து பாத்தீங்கல்ல? எங்க வீட்டுல ஒண்ணும் இல்லைன்னு பதிஞ்சிருக்குதே."

"போன மாசமும் பூட்டித்தானுங்க இருந்துச்சு. உங்க வீதியே அப்படித்தானுங்களே. எல்லாரும் வேலைக்குப் போயிருவீங்க."

"அப்புறம் எப்படி சைபர்னு போட்டீங்க?"

தப்புப் பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"பூட்டுன ஊட்டுக்கு சைபர்தானுங்க போடறது. எண்ணு போடாம உட்டா செல்லுல அடுத்த ஊடு வராதுங்க. ஆரம்பத்துலயே கேட்டோம், சைபர் போட்டுப் போங்கன்னுட்டாங்க. எங்களுக்கு அடையாளம் இருக்குதுங்க சார். உங்க கேட்டுத் தூண்ல சாக்பீஸ்ல தேதி எழுதியிருப்போம் பாருங்க. உள்ள போய்ப் பாத்திருந்தா தேதியச் சுத்தி வட்டம் போடுவோம். வட்டமில்லாட்டி பூட்டுன ஊடுங்க."

மருத்துவமனை நடைபாதையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தினமும் அந்தக் கேட்டைத் திறந்து ஸ்கூட்டரை உள்ளே தள்ளுகிறேன். தூணில் சாக்பீஸ் தேதிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்றோ நான்கோ. பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். ஒன்றைச் சுற்றிக்கூட வட்டம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அப்போதுதான் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. பூஜ்யத்தில் இரண்டு வகை இருக்கிறது என்று என் மாதிரி சொன்னது உண்மை. எந்த வீதியில் அந்த எப்போதும் பூஜ்யமான வகை குவிந்திருக்கிறது என்று சொன்னதும் உண்மை. அது என்ன வகை என்று மாதிரி சொல்லவே இல்லை. அதைச் சொன்னவன் நான். தண்ணீர் பிடித்து வைக்காத வீடு என்று பெயர் வைத்தேன். அது பகலில் பூட்டிக் கிடக்கும் வீடு. புழு இல்லாத வீடு அல்ல, யாரும் பார்க்காத வீடு. யாரும் பார்க்காத வீடுகளை இனிப் பார்க்க வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மனைவியிடம் சாவி கொடுத்துவிட்டு வருவதாக மட்டும் சொன்னேன்.

கேட்டு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். போனில் பேசியவருக்கு நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் டார்ச், தோளில் பை. நான் தூணைப் பார்த்தேன். நான்கு தேதி. வட்டம் இல்லை.

வீட்டுக்குள் போகாமல் அவர் நேராகப் பின்பக்கம் நடந்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நீல டிரம் ஒன்று. போர் மோட்டார் ரிப்பேரான சமயத்தில் புழங்குவதற்கு வெளியிலிருந்து தண்ணீர் பிடித்து வைக்க வாங்கியது. மோட்டார் சரியான பிறகு அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம். மழையில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. டார்ச்சை அடித்தார்.

"பாருங்க சார்."

பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் மேலே தொங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின. எண்ண முடியாது. பிறகு ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு. பிறகு மகள் மாடிப்படியில் வைத்திருந்த மணிபிளாண்ட் தொட்டியின் அடித்தட்டு. மூன்றிலும் இருந்தது.

"மூணுங்க" என்று செல்லில் பதிந்தார். டிரம்மைச் சாய்த்துக் கொட்டினார். கூட வந்த பெண் தரையில் துடிப்பவற்றின்மேல் விளக்குமாற்றால் தேய்த்தார்.

"இதுலதான் அவளுக்கு வந்திருக்குமா?" என்று கேட்டேன்.

"அதெப்படிங்க சொல்றது. பள்ளிக்கூடத்துல கடிச்சிருக்கலாம், டியூசன்ல கடிச்சிருக்கலாம். மனசப் போட்டு அலட்டிக்காதீங்க." பிறகு தயங்கிச் சொன்னார்: "ஒரு மூணு வாரத்துக்கு முந்தி வரைக்கும் வாரம் ஒருக்கா இந்த வீதிக்கு வந்துட்டிருந்தோமுங்க. பூட்டியிருந்தாலும் ஒரு தடவ இல்லாட்டி ஒரு தடவ யாராச்சும் இருப்பாங்கன்னு. அப்புறம் யாரோ கணக்குப் போட்டு, இந்தப் பக்கம் வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம்."

நான்தான் அது என்று அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருத்துவமனைக்குத் திரும்பியபோது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாந்தி எடுத்திருக்கிறாள். காலையில் இருந்ததைவிட பி.சி.வி. ஏறியிருக்கிறது. டிரிப்ஸின் வேகத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கை ஜில்லென்று இருந்தது.

"அப்பா, எங்க போயிட்டீங்க?"

"வீட்டுக்குப் போயிட்டு வந்தேன் கண்ணு."

"என் செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

ஊற்றினேன் என்றேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். என்னை வெளியே கூட்டிப்போய், "என்னத்தையோ மறைக்கறீங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். டிரம், தூணில் இருந்த தேதிகள், நான் எழுதிய பரிந்துரை, எல்லாமே. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்குச் சிரிச்சுட்டே காட்டுனீங்களே, அதுங்களா?"

"அதுதான்."

"அந்த வீதியெல்லாத்துலயும் குழந்தைக இருக்குதுங்களே." சுவரிலிருந்து திரும்பி, "அவங்களுக்கு உடனே சொல்லிப்போடுங்க. நான் இவள்கிட்ட உக்காந்துக்கறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

சுகாதார அலுவலரைக் கூப்பிட எனக்குப் பயமாக இருந்தது. அவமானம் ஒரு பக்கம். அதைவிட, தப்பை ஒப்புக்கொண்டால் உள்ளே படுத்திருப்பவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு மூடத்தனமான பயம். அறிவோடு அதற்குத் தொடர்பில்லை. கூப்பிட்டுச் சொன்னேன்.

"போட்டது யாருன்னு பாத்து நடவடிக்கை எடுக்கறேனுங்க சார். பொய்யா பதிஞ்சிருக்காங்க" என்றார்.

"பொய்யில்லைங்க. பூட்டுன வீடுன்னு பதிய அந்தச் செல்லுல இடமே இல்லை. சைபர் போடச் சொன்னதும் அவங்க இல்லை. அவங்க தூண்ல எழுதி வெச்சிருக்காங்க. படிக்கத் தெரியாதவன் நான். நடவடிக்கைன்னு ஒண்ணு எடுத்தா முதல்ல என் பேர்ல எடுங்க."

அவர், "எதெது பூட்டுன ஊடுன்னு இப்ப எப்படிங்க கண்டுபிடிக்கறது? ரெண்டு மாசப் பதிவு. தூண்ல எழுதுனத மழை வேற கழுவிட்டுப் போயிருக்கும்" என்றார்.

நியாயமான கேள்வி. வார்டு வாசலில் நாற்காலியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். அவர் அனுப்பிய மூலப் பதிவில் 'பதிந்த நேரம்' என்று ஒரு நெடுவரிசை இருந்தது. வேலையைத் தொடங்கும்போது தேவையில்லை என்று நான் நீக்கிய முதல் நெடுவரிசை அதுதான். திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு வீட்டுக்குள் போய்ப் பின்பக்கம், மாடி, ஃபிரிட்ஜ் எல்லாம் பார்த்துவிட்டு வர நான்கைந்து நிமிடமாவது ஆகும். பழைய லைன்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அப்படித்தான் இடைவெளி. எங்கள் வீதியில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை நிமிடம். கேட்டைத் தட்டி, தூணில் எழுதி, அடுத்த கேட்டுக்கு நடக்கிற நேரம். இரண்டு மாதப் பதிவு முழுவதும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

ஒரு நிமிடத்துக்குள் போட்ட பூஜ்யங்களையெல்லாம் பூஜ்யம் அல்ல, தெரியாது என்று மாற்றினேன். வெற்றிடம். அந்த வரிகளை நீக்கிவிட்டு மறுபடி பொருத்தினேன். எங்கள் வீதிகளின் கூடுதல் பூஜ்யங்களில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. உள்ளே போய்ப் பார்த்த கொஞ்ச வீடுகளை மட்டும் வைத்துப் பார்த்தால், எங்கள் வீதிகள் பழைய லைன்களைவிட மேலானவை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பூட்டிய வீடுகளும் திறந்த வீடுகளைப் போலத்தான் என்று எடுத்துக்கொண்டால் இது. அவை இன்னும் மோசமாக இருக்கலாம். யாருமே போய் எதையும் கொட்டாத வீடுகள் அல்லவா.

இடையில் இரண்டு தடவை மனைவி கூப்பிட்டாள். இரண்டு தடவையும் மடிக்கணினியை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினேன். ஒருமுறை வாந்தி. ஒருமுறை மகளுக்கு மூக்கிலிருந்து ஒரு கோடு ரத்தம். நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "சின்ன ரத்தம்தானுங்க, பயப்படாதீங்க" என்றார். நான் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பில் ஊசி குத்தாத இடம் அதுதான் என்று தோன்றியது. எண்கள் மேல் எனக்கு ஆயுளுக்கும் இருந்த நம்பிக்கை அந்த நேரத்தில் இல்லை. பி.சி.வி. தாளை நர்ஸ் கொண்டுவரும்போதெல்லாம் படிக்காமல் மனைவியிடம் நீட்டினேன்.

வார்டு வாசலில் உட்கார்ந்தே சாயங்காலம் அலுவலருக்குப் புதிய பட்டியலை அனுப்பினேன். மேலே ஒரு வரி எழுதினேன்: முந்தைய பரிந்துரை தவறு, இந்த வீதிகள் பத்திரம் என்று நான் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. புதன்கிழமை காலை ஏழு மணிக்கே, ஆட்கள் வேலைக்குக் கிளம்பும் முன், எங்கள் பக்கத்து வீதிகளுக்குப் பணியாளர்களை அனுப்பினார். திறந்த வீடுகளில் நிறைய இடத்தில் புழு இருந்ததாகப் போனில் சொன்னார். எத்தனை என்று அவர் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்றேன். வேறு வீதியில் காய்ச்சலோடு இரண்டு பேர் இருப்பதாகவும் சொன்னார். அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பெரியவர்கள்தான், வீட்டிலேயே இருக்கிறார்கள் என்றார்.

வியாழக்கிழமை மதியம் பி.சி.வி. இறங்கியது. மகள் பசிக்கிறது என்றாள். மருத்துவர் அம்மா வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார், டிரிப்ஸைக் குறைக்கச் சொன்னார். "தாண்டிட்டாள்ங்க" என்றார். மனைவி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

கிளம்பும் நாளில் அவர் இன்னொன்றும் சொன்னார். டெங்குவில் நான்கு வகை. இப்போது வந்த வகை இவளுக்கு மறுபடி வராது. வேறு வகை வந்தால், இரண்டாவது தடவை கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். "அதுக்காகப் பயந்துட்டே இருக்க வேண்டாமுங்க. தண்ணிய மட்டும் பாத்துக்கங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஆள் இருக்கும் நாள் என்று, எங்கள் வீதிக்குப் பணியாளர்கள் வந்தார்கள். அதே அம்மா. மகள் மெலிந்துபோன கையால் கேட்டைத் திறந்து, "வாங்கக்கா" என்று அவளே பின்பக்கம் கூட்டிப்போனாள். நான் அவரிடம் அன்று சொல்லாததைச் சொன்னேன். இந்தப் பக்கம் வேண்டாம் என்று கணக்குப் போட்டவன் நான்தான் என்று.

அவர் டார்ச்சை அணைத்தார். "தெரியுமுங்க சார். எங்களைக் கூப்பிட்டு வெச்சு விசாரிச்சப்ப அதிகாரி சொன்னாரு. என் பேர்ல நடவடிக்கை வேண்டாம்னு சொன்னீங்களாம்." பிறகு, "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க. வீதியில நடக்கறது நாங்கதானுங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் உறைத்தது.

பின்பக்கம், மாடி, ஃபிரிட்ஜ் தட்டு, நிலத்தடித் தொட்டி மூடி, எல்லாம் பார்த்தார். செல்லில் இப்போது 'பூட்டிய வீடு' என்று தனியாக ஒரு இடம் வந்திருக்கிறது என்று காட்டினார். அதைத் தொடாமல் எண்ணைப் பதிந்தார்.

"சைபருங்க" என்றார்.

"இன்னொருக்காப் பாத்துருங்களேன்."

"ரெண்டு தடவ பாத்துப்போட்டனுங்க சார்."

"அந்த ஏணிக்கு அடியில?"

"அப்பா" என்றாள் மகள். "அக்கா பாத்துட்டாங்க."

அவர் எனக்காக மூன்றாம் தடவையும் ஏணிக்கு அடியில் டார்ச் அடித்தார். காய்ந்த இலை, ஒரு உடைந்த செருப்பு. ஒன்றுமில்லை. வெளியே போய்த் தூணில் தேதி எழுதி வட்டம் போட்டார். இது பார்த்துப் போட்ட பூஜ்யம். ஆனால் இதிலும் இரண்டு வகை இருக்கிறது. எப்போதும் பூஜ்யமாக இருக்கப்போகிற வீட்டின் பூஜ்யமா, இந்த வாரம் மட்டும் தற்செயலாக வந்த பூஜ்யமா என்று எந்த டார்ச்சாலும் பார்க்க முடியாது. திரும்பத் திரும்ப வந்து பார்த்துப் பூஜ்யமாகவே இருந்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப முடியும்.

"அடுத்த வாரம் வருவீங்களா?" என்றேன்.

"உங்க வீதிக்கு இனி ரெண்டு வாரம் கழிச்சுத்தானுங்க. ஆளில்லீங்க."

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். இரண்டு வாரம் நீளம். அவர்கள் அடுத்த கேட்டுக்குப் போனதும் மகள் உள்ளே போய்ப் பழைய சாக்பீஸ் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள்.

"புதன்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் நானே பாத்து எழுதறேன்ப்பா. நீங்க மேல டேங்க்க மட்டும் பாருங்க. எனக்கு ஏணி ஏறினா தலை சுத்துது."

சரி என்றேன். அவள் கழுத்தில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி இருந்தது. கொசுக்கடியா, வேர்க்குருவா தெரியவில்லை. கேட்டால் பயப்படுவாள் என்று கேட்கவில்லை. ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். மேலே ஏறும்வரை அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.